கல்யாணமா, கேஷுவலா: டேட்டிங் ஆப்பில் உங்கள் எண்ணத்தை யாரும் தவறாகப் புரிந்துகொள்ளாமல் சொல்வது எப்படி

டேட்டிங் ஆப்பில் பழகி மனம் உடைந்து போனவர்களிடம் பேசிப் பாருங்கள். எதிரில் இருந்தவர் பச்சைப் பொய் சொன்னார் என்பவர்கள் கொஞ்சம்தான். "சீரியஸாத்தான் பழகினாங்க, கடைசில வீட்ல ஒத்துக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க" என்பதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழும் கதை. சொன்னவருக்கு அது முதல் நாளே தெரிந்திருக்கும். வேறு சாதி என்றால் அப்பா வீட்டை இரண்டாக்கிவிடுவார், தன்னால் அவரை எதிர்த்து நிற்க முடியாது என்பதெல்லாம் அவருக்குப் புதிய செய்தி இல்லை. யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

ஆகவே நம் ஊரில் எண்ணத்தைச் சொல்வது என்றால் அதில் இரண்டு பாதி இருக்கிறது. எனக்கு என்ன வேண்டும் என்பது ஒன்று. என் வீட்டில் நிலைமை என்ன, அதைத் தாண்டி நான் எவ்வளவு தூரம் வருவேன் என்பது இன்னொன்று. ஆப்பில் இருக்கும் கட்டங்கள் முதல் பாதியை மட்டும்தான் கேட்கும். இரண்டாவது பாதியை நாமாகத்தான் சொல்ல வேண்டும். எதை, எப்போது, எந்த வார்த்தைகளில் சொல்வது என்பதை வரிசையாகப் பார்ப்போம். கல்யாணம் தேடுபவருக்கும் கேஷுவலாகப் பழக நினைப்பவருக்கும் படிகள் ஒன்றுதான், வார்த்தைகள்தான் வேறு.

## படி 1: ஆப்பைத் திறக்கும் முன் உங்களுக்கே நீங்கள் பதில் எழுதுங்கள்

போனின் நோட்ஸில் நான்கு கேள்விகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரே வரியில் பதில் எழுதுங்கள். என்ன வேண்டும்? எவ்வளவு காலத்துக்குள்? வீட்டில் என்ன நிலைமை? எதற்கு நான் கண்டிப்பாக ஒத்துக்கொள்ள மாட்டேன்?

முதல் இரண்டும் சேர்ந்தால்தான் அர்த்தம் வரும். "கல்யாணம்" என்று மட்டும் சொன்னால் ஒருவருக்கு அடுத்த தை மாதம், இன்னொருவருக்கு நான்கு வருடம் கழித்து. "ஒரு வருஷம் பழகிப் பார்த்து, சரியா வந்தா கல்யாணம்" என்றால் இருவருக்கும் ஒரே படம் தெரியும். அடுத்த செப்டம்பரில் கனடாவுக்குப் படிக்கப் போகிறீர்கள் என்றால் அதுவும் காலக் கணக்கில் சேர்த்தி. அதை மறைத்துவிட்டு "லாங் டேர்ம்" என்று போடுவது எதிரில் இருப்பவரை ஏமாற்றுவதுதான்.

வீட்டைப் பற்றிய மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானோர் வழுக்குவார்கள். "பேசிக்கலாம், ஒத்துக்குவாங்க" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வரியை நம்புவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் சித்தப்பா மகளோ மாமா மகனோ யாராவது சாதி விட்டோ மதம் விட்டோ கல்யாணம் செய்திருக்கிறார்களா, அப்போது உங்கள் அப்பா அம்மா என்ன பேசினார்கள்? "நான் வேற சாதில ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிறேன்" என்ற வாக்கியத்தை நீங்கள் வீட்டில் ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? சொன்னதே இல்லை என்றால், வீட்டின் பதில் உங்களுக்குத் தெரியாது. அப்போது "ஒத்துக்குவாங்க" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க உங்களால் முடியாது.

நான் பார்த்தவரை எல்லோரும் மூன்று நிலைகளில் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். வீட்டுச் சம்மதம் இல்லாமல் நான் கல்யாணம் செய்ய மாட்டேன், அவர்கள் எங்கள் ஆட்களைத்தான் ஏற்பார்கள் என்பது முதல் நிலை. இன்னும் பேசவில்லை, ஆனால் சரியான ஆள் கிடைத்தால் பேசிப் போராடுவேன் என்பது இரண்டாவது. முடிவு என்னுடையது, வீட்டுக்குத் தகவல்தான் சொல்வேன் என்பது மூன்றாவது. மூன்றிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்பா அம்மாவை விட்டு வர முடியாது என்பது கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நிலையில் இருந்துகொண்டு இரண்டாம் நிலையில் இருப்பதாகக் காட்டிக்கொள்வது ஒருவருடைய வயதில் ஒரு வருடத்தை எடுத்துக்கொள்வது. நோட்ஸில் உங்கள் நிலை எது என்று நேராக எழுதிவிடுங்கள். இதை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

நான்காவது கேள்விக்கு நீளமான பட்டியல் வேண்டாம். குழந்தை வேண்டாம், வேலையை விட மாட்டேன், மதம் மாற மாட்டேன், விவாகரத்து ஆனவர் எனக்குச் சரி அல்லது சரிப்படாது என்று, பிறகு எவ்வளவு பேசினாலும் மாறாத விஷயங்கள் மட்டும் போதும்.

## படி 2: இடம் சரியா என்று பாருங்கள்

மேட்ரிமோனி தளமும் டேட்டிங் ஆப்பும் ஒன்றில்லை. இந்தியாவில் மேட்ரிமோனி தளங்களுக்காக மத்திய அரசு 2016-ல் ஒரு வழிகாட்டு நெறி வெளியிட்டது. இந்தத் தளம் திருமணத்துக்கு மட்டும்தான், டேட்டிங்குக்கு அல்ல என்று தளங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பதிவு செய்பவரும் திருமண எண்ணத்தை உறுதிப்படுத்த வேண்டும் என்பது அதில் இருக்கிறது. கேஷுவலாகப் பழக நினைப்பவர் அங்கே புரொஃபைல் வைப்பதே முதல் பொய். அங்கே ஒரு குடும்பம் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் போன் அழைப்புக்காகக் காத்திருக்கும்.

மேட்ரிமோனியில் வேறு ஒரு சிக்கல் உண்டு. பல புரொஃபைல்களை நடத்துவது அம்மாவோ அண்ணனோதான். மகனுக்கோ மகளுக்கோ இப்போது கல்யாணமே வேண்டாம் என்றிருக்கலாம். அப்படி உங்கள் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், முதல் அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த புரொஃபைலை அம்மாதான் பார்க்கிறாங்க. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் கல்யாண யோசனை இல்லை. உங்க நேரத்தை வீணாக்க விரும்பலை." அம்மாவிடம் சண்டை வரும். ஆனால் அது உங்களுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடக்க வேண்டிய சண்டை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தலையில் இறக்க வேண்டியது இல்லை.

டேட்டிங் ஆப்பில் கல்யாணம் தேடுவதில் தவறே இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் தேடுகிறார்கள். அங்கே எல்லா வகை ஆட்களும் கலந்திருப்பதால்தான் அடுத்த படிகள் அவசியமாகின்றன.

## படி 3: புரொஃபைலில் இருக்கும் கட்டமும் பயோவும்

என்ன தேடுகிறீர்கள் என்று கேட்கும் கட்டம் ஒன்று ஆப்பில் இருக்கும். ஹிஞ்சில் அதன் பெயர் Dating Intentions. Life partner என்பதில் தொடங்கி Figuring out my dating goals வரை அதில் தேர்வுகள் இருக்கும். டிண்டரில் Long-term partner, Short-term fun, Still figuring it out போன்றவை வரும். பம்பிளிலும் இதே மாதிரி ஒரு பகுதி உண்டு. பெயர்கள் அவ்வப்போது மாறும், கேள்வி ஒன்றுதான். காலியாக விடாதீர்கள். காலியாக இருந்தால் பார்ப்பவர் தனக்கு வேண்டியதை அதில் நிரப்பிக்கொள்வார்.

இதில் கவனமாக இருக்க வேண்டியது "Long-term, open to short" மாதிரியான நடுத் தேர்வுகள். போடுபவர் மனதில் "எதுவா இருந்தாலும் சரி" என்றிருக்கும். கல்யாணம் தேடும் ஒருவர் படிக்கும்போது முதல் சொல்லை மட்டும் பார்ப்பார், கேஷுவல் தேடுபவர் கடைசிச் சொல்லை மட்டும் பார்ப்பார். இரண்டு பேரும் உங்களுக்கு மேட்ச் ஆவார்கள், ஒருவர் நிச்சயம் ஏமாறுவார். உண்மையிலேயே இரண்டும் சரி என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள், ஆனால் பயோவில் ஒரு வரி விளக்கம் எழுதுங்கள்.

பயோவுக்கு இடம் குறைவு. ஹிஞ்சில் ஒரு பதிலுக்கு 150 எழுத்து, பம்பிளில் 300, டிண்டரில் 500 வரை. எண்ணத்துக்கு ஒரு வாக்கியம் போதும். மீதியில் உங்கள் பிரியாணிக் கடையையும் ராஜா பாட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் தேடுபவர்கள் அடிக்கடி எழுதுவது இப்படி இருக்கும்: "டைம்பாஸ் பண்றவங்க தள்ளிப் போங்க." இது உங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்லவே இல்லை, பழைய கோபத்தை மட்டும் சொல்கிறது. அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "கல்யாணத்தை மனசுல வெச்சுத்தான் பழகுறேன். அவசரம் இல்லை, ஒரு வருஷம் தெரிஞ்சுக்கலாம். சாதி, ஜாதகம் பார்க்கலை, வீட்லயும் சொல்லிட்டேன்." கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும். இந்த ஒரு வரி நூறு பேரை விலக்கிவிடும், நின்று படிக்கிற நான்கு பேர் சரியான ஆட்களாக இருப்பார்கள்.

கேஷுவலுக்கு ஆண்கள் எழுதுவது பெரும்பாலும் "கோ வித் த ஃப்ளோ", "நோ லேபிள்ஸ்". இரண்டுக்கும் பொருள் இல்லை. "இப்போ கல்யாணமோ சீரியஸ் ரிலேஷன்ஷிப்போ தேடலை. வாரத்துல ஒரு நாள் பீச், படம், நல்ல பேச்சுன்னு கேஷுவலா பழகத்தான்" என்று எழுதினால் யாருக்கும் குழப்பம் வராது. ஆபாசமாகவும் இல்லை.

பெண்களுக்கு இங்கே ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு பெண் புரொஃபைலில் கேஷுவல் என்று போட்டால் இன்பாக்ஸில் வந்து விழும் குப்பையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதைவிட, ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாராவது ஆபீஸ் குரூப்பிலோ சொந்தக்காரர் கையிலோ கொடுத்துவிடும் பயம் உண்மையானது. அதனால் புரொஃபைலில் போடாமல் இருப்பது ஏமாற்று இல்லை. ஹிஞ்சில் அந்தக் கட்டத்தை நிரப்பிவிட்டு மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும் வசதி உண்டு. ஒரு நிபந்தனை: புரொஃபைலில் மறைத்தால், நேரில் சந்திக்கும் முன் சாட்டிலோ போனிலோ சொல்லிவிட வேண்டும். "Life partner" என்று பொய்யாகப் போடுவது பாதுகாப்புக் காரணத்துக்காகக்கூட வேண்டாம். கட்டத்தை மறைப்பதிலேயே பாதுகாப்பு கிடைத்துவிடுகிறது.

## படி 4: சந்திக்கும் முன் சாட்டில் சொல்லிவிடுங்கள்

எப்போது சொல்வது என்பதுதான் நிறையப் பேருக்குத் தயக்கம். முதல் மெசேஜிலேயே கேட்டால் பெண் பார்க்க வந்த மாதிரி இருக்கும். மூன்று தடவை சந்தித்த பிறகு கேட்டால் மனது ஒட்டியிருக்கும், அப்போது எதிர்ப் பதிலைக் கேட்கவே காது மறுக்கும். சந்திக்கலாமா என்ற பேச்சு வரும் நேரம்தான் சரியான நேரம். இடமும் நாளும் முடிவாகும் முன், உங்களுடையதை முதலில் சொல்லிவிட்டு அவருடையதைக் கேளுங்கள். தான் சொல்லாமல் அடுத்தவரை மட்டும் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்.

"சந்திக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். நான் கல்யாணம் வரைக்கும் போகக்கூடிய உறவைத்தான் தேடறேன். முதல் சந்திப்புலயே முடிவு எதுவும் வேண்டாம், ஆனா திசை அதுதான். உங்களுக்கு எப்படி?" இது கல்யாணம் தேடுபவருக்கு.

கேஷுவலுக்கு: "நேர்ல பார்க்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும்னு நினைச்சேன். நான் இப்போ கேஷுவலாத்தான் பழகறேன், கல்யாண யோசனை இல்லை. நீங்க சீரியஸா தேடறீங்கன்னா இங்கேயே நிறுத்திக்கலாம், தப்பா நினைக்க மாட்டேன்."

பதில் வந்ததும் அதைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஆமா நானும் அப்படித்தான்" என்று ஒரு நொடியில் வந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நீங்கள் முதலில் சொன்னதால் அதையே திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. ஒரு சின்னத் தொடர்கேள்வி கேளுங்கள்: "வீட்ல இப்போ வரன் பார்க்கறாங்களா?" அல்லது "எப்போ கல்யாணம் பண்ணிக்கணும்னு நினைக்கறீங்க?" உண்மையில் யோசித்து வைத்திருப்பவரிடம் ஏதாவது விவரம் இருக்கும், தங்கச்சி கல்யாணம் முடியட்டும் என்றோ வீட்டுக் கடன் பாதி அடையட்டும் என்றோ. விவரமே இல்லாமல் "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வந்தால் பதில் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

"போகப் போக பார்க்கலாம்" என்பதும் அப்படித்தான். கல்யாணம் தேடும் ஒருவர் அதைச் சம்மதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் புரிந்துகொள்வார். நான் அதை இல்லை என்றே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். உண்மையிலேயே முடிவெடுக்காதவர் என்றால், எதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பார் என்று அவரால் சொல்ல முடியும். "போன உறவு முடிஞ்சு நாலு மாசம்தான் ஆச்சு, எனக்கே தெளிவில்லை" என்பது நல்ல பதில். அதை வைத்து நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம்.

## ஒரு உதாரணம், விவரத்தோடு

வேளச்சேரியில் தங்கி சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஊர் தஞ்சாவூர். வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கி ஆறு மாதம். அவருக்குத் தானே தேடிக்கொள்ள ஆசை. ஆப்பில் ஒருவர் மேட்ச் ஆகிறார், 31 வயது, கோயம்புத்தூர்க்காரர், கிண்டியில் வேலை. அவருடைய புரொஃபைலில் "Long-term relationship" என்று இருக்கிறது. நான்கு நாள் நன்றாகப் பேசுகிறார்கள். ஐந்தாம் நாள் அவர், "சனிக்கிழமை பெசன்ட் நகர்ல காபி?" என்கிறார்.

அந்த இடத்தில் பெண் எழுதுகிறார்: "கண்டிப்பா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. நான் கல்யாணத்தை மனசுல வெச்சுத்தான் பழகறேன், ஒரு வருஷத்துக்குள்ள முடிவு பண்ணணும்னு இருக்கேன். வீட்ல வரன் பார்த்துட்டுத்தான் இருக்காங்க, நான் இங்க தேடறது அம்மாவுக்கு மட்டும் தெரியும். உங்க பக்கம் எப்படி?"

அவர்: "நானும் சீரியஸ்தான்ங்க. லாங் டேர்ம்தான்."

இந்த இடத்தில் பெரும்பாலானோர் நிறுத்திவிடுவார்கள். லாங் டேர்ம் என்ற சொல் கிடைத்துவிட்டது, அதுவே போதும் என்று தோன்றும். பெண் ஒரு படி மேலே போகிறார்: "சந்தோஷம். வீட்ல வேற சாதின்னா என்ன சொல்வாங்க? நான் என் அம்மாகிட்ட பேசிட்டேன், அப்பாகிட்ட நான் பேசுவேன், கஷ்டம்தான், ஆனா பேசுவேன்."

இப்போது இருபது நிமிடம் பதில் வரவில்லை. பிறகு: "உண்மையைச் சொன்னா அது கஷ்டம். அப்பா ரொம்ப ஸ்ட்ரிக்ட். நான் அதைப் பத்தி யோசிச்சதில்லை. பழகிப் பார்ப்போம்னு நினைச்சேன்."

இவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. அவருடைய லாங் டேர்ம் என்பது காதலுக்கு நீண்ட காலம், கல்யாணம் என்று வந்தால் அப்பா கை காட்டும் இடம். அதை அவரே இந்தக் கேள்வி வந்த பிறகுதான் யோசித்திருக்கிறார். பெண்ணுக்கு இப்போது தேவையான தகவல் எல்லாம் கையில் இருக்கிறது. அவர் எழுதுகிறார்: "நேர்மையா சொன்னதுக்கு நன்றிங்க. என் நிலைமைக்கு இது சரியா வராது. வீட்ல பேசி ஒரு தெளிவு வந்தா சொல்லுங்க, நானும் அப்போ தனியா இருந்தா பார்க்கலாம்." ஐந்து நாளோடு முடிந்தது. இதே கேள்வி ஒன்பதாம் மாதம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த ஆண் செய்ய வேண்டியதும் இதில் இருக்கிறது. அவர் தன் புரொஃபைலுக்குத் திரும்பி, படி 1-ன் மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். வீட்டை மீற மாட்டேன் என்பது பதிலானால், கல்யாணம் தேடும் பெண்களோடு பழகும்போது அதை அவரே முதலில் சொல்ல வேண்டும். கேட்கும் வரை காத்திருப்பது நியாயம் இல்லை.

## படி 5: நேரில் பேசும்போதும், நெருங்கும் முன்பும்

சாட்டில் சொன்னதை இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் நேரில் ஒரு தடவை திரும்பச் சொல்லுங்கள். எழுத்தில் சுருக்கமாகச் சொன்னது நேரில் விரியும். அம்மா உடம்பு சரியில்லாதவர், தம்பி படிப்புச் செலவு இவர் தலையில், ஜாதகத்தில் செவ்வாய் என்று சொல்லி ஏற்கனவே மூன்று இடம் தட்டிப்போனது போன்றவையெல்லாம் சாட்டில் வராது. கல்யாண முடிவில் இவை எல்லாம் வந்து உட்காரும்.

உடல் நெருக்கம் வருவதற்கு முன் எண்ணம் இரண்டு பேருக்கும் ஒன்றுதானா என்பது ஐயமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். இது ஒழுக்கப் பிரசங்கம் இல்லை. கல்யாணம் செய்வேன் என்று சொல்லியோ, சொல்லாமல் அப்படி நம்பவிட்டோ நெருங்குவது எதிரில் இருப்பவரின் சம்மதத்தையே பொய்யாக்குகிறது. அவர் சம்மதித்தது வேறு ஒன்றுக்கு.

சட்டமும் இதைத் தொடுகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-வது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாண வாக்குறுதி கொடுத்து ஒரு பெண்ணோடு உடலுறவு கொள்வதைக் குற்றம் என்கிறது. தண்டனை பத்து ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. தொடக்கத்திலிருந்தே பொய்யான வாக்கும், உண்மையாகக் கொடுத்து பிறகு நிறைவேற்ற முடியாமல் போன வாக்கும் வேறு வேறு என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் ஒரு தீர்ப்பில் பிரித்துக் காட்டியிருக்கிறது. ஆகவே உறவு முறிந்தாலே வழக்கு என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் "உன்னைத்தான் கட்டிப்பேன்" என்ற வாக்கியத்தை அந்த நேரத்து மயக்கத்தில் சொல்லாதீர்கள். மனதில் இல்லாததை வாயில் வரவிடாதீர்கள்.

## படி 6: கேஷுவல் என்று சொன்ன பிறகு அப்படியே நடந்துகொள்ளுங்கள்

கேஷுவல் உறவில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் சொல்லில் இல்லை, நடத்தையில். முதல் வாரம் "சீரியஸ் இல்லை" என்று சொல்லியிருப்பார். ஆனால் தினமும் காலையில் குட் மார்னிங், இரவு பதினொன்றுக்கு ஒரு மணி நேரம் போன், காய்ச்சல் என்றால் கஞ்சி வாங்கிக்கொண்டு வருவது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் அங்கிருந்து வீடியோ காலில் அம்மாவைக் காட்டுவது. எதிரில் இருப்பவர் எதை நம்புவார்? மூன்று மாதம் முன் சொன்ன ஒரு வாக்கியத்தையா, தினமும் நடக்கிறதையா? நான் ஏற்கனவே சொல்லிவிட்டேனே என்பது அப்போது செல்லாது.

அன்பாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதிர்காலத்தைக் காட்டும் பேச்சும் செயலும் வேண்டாம் என்கிறேன். "நம்ம வீடு கட்டினா", "நமக்குப் பொண்ணு பொறந்தா" என்பதெல்லாம் விளையாட்டாகக்கூட வேண்டாம். குடும்பத்தாரிடம் அறிமுகம் வேண்டாம். அடுத்தவர் அப்படிப் பேசத் தொடங்கினால் சிரித்துவிட்டுக் கடந்து போகாமல் அன்றே நிறுத்திச் சொல்லுங்கள்: "நாம முதல்ல பேசிக்கிட்டது இன்னும் அப்படியேதான் இருக்கு. உனக்கு மாறியிருந்தா சொல்லு, அதைப் பேசலாம்."

இன்னொன்று, கேஷுவல் என்ற சொல் எதையெல்லாம் உள்ளடக்கும் என்பதையும் பேசி வையுங்கள். அதே நேரத்தில் வேறு யாரையாவது பார்ப்பீர்களா என்பது முக்கியமான கேள்வி. ஒருவர் தன்னை மட்டும்தான் பார்க்கிறார் என்று இன்னொருவர் நினைத்துக்கொண்டிருப்பார். உடல் நெருக்கம் இருக்கிறது என்றால் ஆணுறை, பரிசோதனை பற்றி நேராகப் பேசுவதும் இதில் சேர்த்தி. பேசக் கூச்சமாக இருக்கிறது என்றால் அந்த நெருக்கத்தைத் தள்ளிவைப்பது நல்லது.

## படி 7: எண்ணம் மாறினால்

மாறும். கேஷுவலாகத் தொடங்கியவருக்குக் காதல் வரும். கல்யாணம் என்று தொடங்கியவருக்கு இவர் சரிப்பட மாட்டார் என்று தோன்றும். வீட்டில் திடீரென்று அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், உடனே கல்யாணம் என்று அழுத்தம் வரும். மாறுவது தவறு இல்லை, மாறியதைச் சொல்லாமல் நாட்களை ஓட்டுவதில்தான் மற்றவர் ஏமாறுகிறார். உறுதியாகத் தெரிந்த வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

காதல் வந்தவர் சொல்ல வேண்டியது: "நாம கேஷுவல்னுதான் ஆரம்பிச்சோம். எனக்கு இப்போ அப்படி இல்லை, சீரியஸா தோணுது. உனக்கு அப்படி இல்லைன்னா என்னால இதே மாதிரி தொடர முடியாது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் "சரி பார்க்கலாம்" என்று சொல்லிப் பழையபடியே தொடர்வார், நீங்கள் உள்ளுக்குள் காத்துக்கொண்டே இருப்பீர்கள்.

விலக நினைப்பவர் காரணத்தைச் சுருக்கமாகவும் உண்மையாகவும் சொல்ல வேண்டும். பதில் போடாமல் காணாமல் போவது, ஆபீஸில் வேலை அதிகம் என்று மூன்று வாரம் இழுப்பது இரண்டும் அடுத்தவரை நம்பிக்கையில் தொங்க விடும். "வீட்ல பேசினேன், என்னால மீற முடியாதுன்னு எனக்கே தெரிஞ்சுபோச்சு. இதுக்கு மேல உன்னைக் காத்திருக்க வைக்கக் கூடாது" என்று சொன்னால் வலிக்கும், ஆனால் அவர் அடுத்த வாரமே தன் வாழ்க்கையைப் பார்க்கத் தொடங்கலாம். கேட்டவர் மிரட்டுகிறார், தொடர்ந்து தொல்லை செய்கிறார் என்றால் மட்டும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. பிளாக் செய்துவிட்டு, நெருங்கிய ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கும் நாள், வெளிநாட்டு வேலை உறுதியாகும் நாள், பழைய உறவு திரும்ப ஒட்டும் நாள், இந்த மூன்றிலும் ஆப்பைத் திறந்து அந்தக் கட்டத்தை மாற்றுங்கள். அன்றைக்கே, ஏற்கனவே பேசிக்கொண்டிருக்கும் மேட்ச் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி அனுப்புங்கள். நிச்சயம் ஆகிவிட்டால் கணக்கையே அழித்துவிடுங்கள். ஆப்பை மட்டும் போனிலிருந்து எடுத்தால் போதாது, புரொஃபைல் உள்ளே இருந்துகொண்டேதான் இருக்கும். செட்டிங்ஸில் Delete Account என்று இருப்பதை அழுத்தினால்தான் அது போகும்.